லீடுக்கான செலவு இரட்டிப்பானதை இயக்குநருக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: வீட்டுக் கூரையில் சோலார் பொருத்தித் தரும் நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் ஆய்வாளராக இருக்கிறேன். நான்கு வாரங்களுக்கு முன் இயக்குநர் சொன்னபடி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களின் டார்கெட்டிங்கை மாற்றினோம். தமிழ்நாடு முழுவதற்கும் போய்க்கொண்டிருந்ததை எங்கள் ஆட்கள் வேலை செய்யும் ஆறு ஊர்களுக்கும் 35 முதல் 55 வயதினருக்கும் சுருக்கினோம். ஒரு லீடுக்கு, அதாவது படிவத்தை நிரப்பி அனுப்பும் ஒருவருக்கு, 180 ரூபாயாக இருந்த செலவு 360 ரூபாய் ஆகிவிட்டது. காரணத்தை விளக்கி மெமோ எழுதச் சொல்கிறார். மாற்றச் சொன்னவரே அவர் என்பதால் தயக்கமாக இருக்கிறது. இரு காலகட்டங்களின் கணக்கையும் விற்பனைப் பிரிவின் தாளையும் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்கை இரண்டு முறை படித்தேன். அதில் விடை இருக்கிறது. ஆனால் நான்கு வாரங்களையும் ஒரே சராசரியாகச் சுருக்கிவிட்டதால் அது கண்ணில் படாமல் போகிறது. லீடுக்கான செலவு, அதாவது CPL, தானாக ஏறி இறங்கும் எண் அன்று. விளம்பரத்தை ஆயிரம் முறை காட்ட ஆகும் செலவான CPM, அப்படிக் காட்டியதில் கிளிக் விழுந்த விகிதமான CTR, கிளிக் செய்தவர்களில் படிவத்தை நிரப்பி அனுப்பியவர்களின் விகிதமான CVR ஆகிய மூன்றின் விளைவுதான் அது. ஆகவே மெமோவுக்கு முன் செய்ய வேண்டிய வேலை, அந்த மூன்றில் எது நகர்ந்தது என்று பார்ப்பது. உங்கள் எண்களைப் பொருத்தினால் இப்படி வருகிறது:

```
CPL    = CPM / (1000 × CTR × CVR)
முன்பு : 180 = 90  / (1000 × 0.0100 × 0.05)
இப்போது: 360 = 153 / (1000 × 0.0085 × 0.05)
```

முதலில் மாறாததைக் கவனியுங்கள். கிளிக் செய்த நூறு பேரில் ஐந்து பேர் முன்பும் படிவத்தை அனுப்பினார்கள், இப்போதும் அனுப்புகிறார்கள். எனவே படிவத்தில் கேள்விகள் கூடிவிட்டன, பக்கம் மெதுவாகத் திறக்கிறது, புதியவர்களுக்கு சோலாரில் ஆர்வமில்லை என்பன போன்ற ஊகங்களை மெமோவிலிருந்து தயங்காமல் நீக்கிவிடலாம். மீதமுள்ள இரண்டில் பெரிய பங்கு காட்சிச் செலவுக்கு உரியது, அது 1.7 மடங்கு ஆகியிருக்கிறது. கிளிக் விகிதம் ஒரு சதவீதத்திலிருந்து 0.85 சதவீதமாக இறங்கியது ஏறத்தாழ 1.18 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் இரட்டிப்பு கிடைத்துவிடும்.

காட்சிச் செலவு ஏன் ஏறியது? விளம்பர இடம் ஒவ்வொரு முறையும் ஏலத்தில் போகிறது. தமிழ்நாடு முழுவதும் திறந்திருந்தபோது, படிவத்தை நிரப்பக்கூடியவர்களில் யாருக்கு மலிவாகக் காட்ட முடியுமோ அவர்களைத் தேடிப் பிடிக்கும் உரிமை மெட்டாவின் அமைப்புக்கு இருந்தது. ஆறு ஊர்களுக்கும் ஒரு வயதுப் பிரிவுக்கும் சுருக்கியவுடன் அந்த மலிவான இடங்கள் கைநழுவின. நகரத்தில் வாழும் 35 முதல் 55 வயதினரையே நகைக்கடை, மனை விற்பவர், கார் விற்பவர், கடன் தருபவர் என்று பலரும் தேடுகிறார்கள் என்பதால் ஏலமும் சூடாகவே இருக்கும். ஆனால் ஏற்றம் முழுவதையும் டார்கெட்டிங்கின் தலையில் போடுவதற்கு முன் ஒரு சோதனை தேவை. உங்கள் வலைத்தளத்துக்கு ஏற்கெனவே வந்தவர்களுக்குக் காட்டும் மறுவிளம்பரத்தில் நீங்கள் கை வைக்கவே இல்லை. அதன் காட்சிச் செலவும் இதே நான்கு வாரங்களில் 120 ரூபாயிலிருந்து 132 ரூபாய்க்கு, அதாவது 10 சதவீதம் ஏறியிருக்கிறது. இதைச் சந்தையின் பொதுவான ஏற்றமாகக் கொண்டால், எதையும் மாற்றாமல் இருந்திருந்தாலும் லீடுக்கான செலவு 198 ரூபாய் அளவுக்குப் போயிருக்கும். மறுவிளம்பரம் சிறியது என்பதால் இந்த 10 சதவீதத்தைத் தோராயம் என்றே எழுதுங்கள்.

கிளிக் விகிதத்தின் கதை வேறு. என்னைக் கவலைப்படுத்துவதும் அதுதான். 0.85 என்பது சராசரி. வாரவாரியாகப் பார்த்தால் 1.0, 0.9, 0.8, 0.7 என்று படிப்படியாக இறங்குகிறது. முதல் வாரத்தில் அது பழைய அளவிலேயே இருந்திருக்கிறது; ஆகவே புதிய பார்வையாளர்களுக்கு உங்கள் விளம்பரம் பிடிக்காமல் இல்லை. அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து அவர்கள் சலித்துவிட்டார்கள். ஆட்ஸ் மேனேஜரில் Frequency என்ற பத்தி இதை உறுதிப்படுத்துகிறது: முன்பு ஒருவர் சராசரியாக 1.6 முறை பார்த்த விளம்பரத்தை இப்போது 5 முறை பார்க்கிறார். கூட்டம் 25 லட்சத்திலிருந்து 4.7 லட்சமாகச் சுருங்கியிருக்க, நீங்கள் மாதச் செலவை அதே 3,60,000 ரூபாயில் வைத்திருந்ததன் விளைவு இது. வாரத்துக்கு 90,000 ரூபாய் என்று பிரித்தால் லீடுக்கான செலவு முதல் வாரத்தில் 306, பிறகு 340, 383, நான்காம் வாரத்தில் 437 ரூபாய். எனவே 360 என்று மட்டும் எழுதினால், செலவு ஒரு படி ஏறி அங்கேயே நின்றுவிட்டது என்று இயக்குநர் நினைத்துக்கொள்வார். அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை மெமோ சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு இரண்டு ஆட் செட்டாக இருந்ததை ஊருக்கு ஒன்றாக ஆறாகப் பிரித்திருக்கிறீர்கள். பெரிய மாற்றம் ஒன்றைச் செய்தபின், யாருக்குக் காட்டுவது என்று அமைப்பு பழகும் கற்றல் நிலையை ஓர் ஆட் செட் கடக்க ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 50 முடிவுகள் வேண்டும் என்பது மெட்டாவின் வழிகாட்டுதல். உங்களுக்கு முதல் வாரத்தில் வந்த 294 லீடுகளை ஆறால் வகுத்தால் 49, நான்காம் வாரத்தில் 34. அதனால்தான் ஆட் செட்டுகள் Learning limited என்ற நிலையில் கிடக்கின்றன. இது செலவை எவ்வளவு ஏற்றியது என்பதை இந்தக் கணக்கிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. ஆறையும் ஒன்றாக இணைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இதை அப்படியே எழுதுங்கள். நான் ஆய்வாளராக இருந்த காலத்தில் இதுபோன்ற ஒரு காரணத்துக்கு 20 சதவீதம் என்று ஊகமாக ஓர் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த காலாண்டின் பட்ஜெட்டையே அந்த எண்ணை நம்பிப் போட்டுவிட்டார்கள். அதன் வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

இனி விற்பனைப் பிரிவின் தாளுக்கு வருவோம். டார்கெட்டிங்கை மாற்றச் சொன்னதற்கே அதுதான் காரணம். பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று விளம்பரத்தில் போட்டவுடன், கூரை சொந்தமில்லாத வாடகைக்காரர்களும் உங்கள் ஆட்கள் போக முடியாத ஊர்களில் இருப்பவர்களும் படிவத்தை நிரப்பத்தான் செய்வார்கள். பழைய 2,000 லீடுகளில் 8 சதவீதம் பேர் மட்டுமே வீட்டைப் பார்வையிட வரச் சொன்னார்கள். ஆகவே இயக்குநர் அறிய வேண்டியது ஒரு பார்வையிடலுக்கு என்ன செலவாகிறது என்பது.

இங்கே ஒரு தவறு செய்திருக்கிறீர்கள். பழைய நான்கு வாரங்களின் பார்வையிடல்களைப் புதிய நான்கு வாரங்களோடு நேராக ஒப்பிட்டிருக்கிறீர்கள். கடந்த வாரம் வந்த லீடுகளில் பலரை விற்பனைப் பிரிவு இன்னும் அழைக்கவே இல்லை. அதனால் புதிய காலகட்டம் உள்ளதைவிட மோசமாகத் தெரிகிறது. லீடு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் உறுதியான பார்வையிடல்களை மட்டும், இரு காலகட்டங்களின் முதல் இரண்டு வாரங்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் செலவு 1,80,000 ரூபாய்தான். பழையதில் 1,000 லீடுகளிலிருந்து 80 பார்வையிடல். ஒன்றுக்கு 2,250 ரூபாய். புதியதில் 559 லீடுகளிலிருந்து 84 பார்வையிடல், அதாவது 15 சதவீதம். ஒன்றுக்கு ஏறத்தாழ 2,143 ரூபாய். 80-க்கும் 84-க்கும் உள்ள வேறுபாட்டை வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். இத்தகைய எண்ணிக்கைகள் தற்செயலாகவே அவற்றின் வர்க்கமூல அளவுக்கு, இங்கே ஒன்பது வரை, கூடிக் குறையும். அதே பணத்துக்கு அதே அளவு பார்வையிடல், ஆனால் அழைக்க வேண்டிய எண்கள் ஏறத்தாழ பாதி என்பதே நேர்மையான வாசகம். நான்காம் வாரத்தின் 437 ரூபாயில் இந்த 15 சதவீதம் நீடித்தாலும் பார்வையிடலுக்கு 2,900 ரூபாயைத் தாண்டிவிடும். பழைய 2,250 ரூபாயிலேயே நிற்க வேண்டுமானால் லீடுக்கான செலவு 338 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விவாதம் இந்த எண்ணைச் சுற்றியே நடக்கட்டும்.

இயக்குநர் சொன்னதால் மாற்றினோம் என்பதைப் பற்றி: மாற்றத்தின் தேதியையும் என்ன மாற்றினோம் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள், யார் சொன்னது என்பதை எழுத வேண்டாம். அதை அவர் அறிவார். மறைப்பதாகவும் ஆகாது, குற்றம் சாட்டுவதாகவும் ஆகாது. அவர் முடிவு தவறில்லை என்பதை எண்கள் சொல்கின்றன. பட்ஜெட்டைக் குறைக்காததும் ஆறாகப் பிரித்ததும் உங்கள் பிரிவின் பொறுப்பு என்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். மெமோ ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"டார்கெட்டிங்கை ஆறு ஊர்களுக்கும் 35–55 வயதினருக்கும் சுருக்கிய பின் நான்கு வாரங்களில் லீடுக்கான சராசரிச் செலவு 180 ரூபாயிலிருந்து 360 ரூபாய் ஆனது. ஒரு பார்வையிடலுக்கான செலவு முதல் இரண்டு வார லீடுகளில் மாறவில்லை. முன்பு 2,250, இப்போது சுமார் 2,140 ரூபாய்.

செலவு உயர்வின் பெரும்பகுதி காட்சிச் செலவு 90 ரூபாயிலிருந்து 153 ரூபாய் ஆனதால் வந்தது. அந்த 63 ரூபாய் உயர்வில் சுமார் 9 ரூபாய் சந்தையின் பொது ஏற்றம், மீதி சிறிய கூட்டத்துக்கான ஏலத்தால். எஞ்சியது, ஒரே விளம்பரம் ஒருவருக்குச் சராசரியாக 5 முறை காட்டப்பட்டதால் கிளிக் விகிதம் வாரந்தோறும் இறங்கியதால் வந்தது. பட்ஜெட்டைக் கூட்டத்தின் அளவுக்கு ஏற்ப நாங்கள் குறைத்திருக்க வேண்டும். ஆட் செட்டுகளை ஆறாகப் பிரித்ததும் செலவை உயர்த்தியிருக்கலாம். அதன் பங்கை இப்போது அளக்க இயலவில்லை.

நான்காம் வாரத்தில் லீடுக்கான செலவு 437 ரூபாய். இப்படியே விட்டால் மாற்றத்தால் கிடைத்த பயன் போய்விடும். ஊர்களையும் வயதையும் மாற்றாமல், ஆறு ஆட் செட்டுகளை ஒன்றாக்கவும், வாரச் செலவை 90,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாயாகக் குறைக்கவும், மூன்று புதிய விளம்பரங்களைச் சேர்க்கவும் அனுமதி கோருகிறேன். இரண்டு வாரம் ஓட்டி, அந்த லீடுகளுக்கு 14 நாட்கள் நிறைந்தபின் மீண்டும் எழுதுகிறேன். அப்போதும் லீடுக்கான செலவு 338 ரூபாய்க்கு மேல் இருந்து, பார்வையிட ஒப்புக்கொள்வோர் விகிதமும் 15 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், வயது வரம்பைத் தளர்த்தப் பரிந்துரைப்பேன்."

மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாதே என்று இயக்குநர் கேட்கக்கூடும். அது சரியான கேள்வி. அவருக்கு அந்த விடை முக்கியமென்றால், இணைப்பை முதலில் செய்து, அது கற்றல் நிலையைக் கடந்தபின் புதிய விளம்பரங்களைச் சேருங்கள். ஆனால் அதற்குள் இரண்டு வாரங்கள் கூடுதலாகப் போகும் என்பதையும், அந்த வாரங்களில் செலவு இன்னும் ஏறக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.