கேரம் போர்டு 12 கிலோ, பில் 18 கிலோ

வண்ணாரப்பேட்டையில் கேரம் போர்டு கட்டி வெளியூருக்கு அனுப்புவது என் வேலை. கேட்டவர்களுக்குச் சொன்னது இது.

பெரம்பூர்: அண்ணே, போர்டு 11 கிலோன்னு போட்டு வித்தேன். கோயம்புத்தூர் பார்ட்டிகிட்ட 18 கிலோவுக்குக் காசு கேட்டிருக்காங்க. தராசு கோளாறா?

தராசு சரிதான். நிஜ எடை ஒன்று, அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டு வரும் வால்யூமெட்ரிக் எடை ஒன்று. எது அதிகமோ அதற்குத்தான் கூரியரில் காசு.

சட்டத்தோடு உங்கள் போர்டு 88 செ.மீ. என்று வையுங்கள். மூலைக்குத் தெர்மாகோல் வைத்து அட்டைப்பெட்டியில் போட்டால் நீளம் 94, அகலம் 94, உயரம் 10. பெருக்கினால் 88,360. பலரும் இதை 5000-ஆல் வகுக்கிறார்கள். 17.67 வரும், 18 ஆக்கிவிடுவார்கள். கட்டிய பார்சல் தராசில் 12-தான் காட்டும். உங்கள் 11 கட்டாத போர்டின் எடை, அது யாருக்கும் உதவாது.

பெட்டி 14 செ.மீ. உயரமாக இருந்தால் இதே போர்டு 25 கிலோ ஆகிவிடும். நாலு செ.மீ. காற்றுக்கு ஏழு கிலோ காசு! நடுவில் உப்பியிருந்தால் அந்த உப்பலையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். அதனால் கடைசி டேப் ஒட்டிய பிறகு, பருத்த இடத்தில் அளந்து விளம்பரத்தில் போடுங்கள். சிலர் 4000-ஆல் வகுப்பதும் உண்டு, அப்போது 23 கிலோ. யார் மூலம் அனுப்புகிறீர்களோ அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

கொடுங்கையூர்: சார், 37, 37, 4 பெருக்கி 5000-ஆல வகுத்தேன். ஒரு கிலோ சொச்சம்தான் வருது.

வழி சரி, ஆனால் நீங்கள் அளந்தது அங்குலத்தில். அங்குலம் என்றால் 305-ஆல் வகுக்க வேண்டும். அதே 18 வந்து நிற்கும்.

திருவொற்றியூர்: தம்பி, நான் தலையணை விக்கிறேன். காத்தை உறிஞ்சிக் கட்டிட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

பாதி சரி அக்கா. பையில் ஊசித்துளை இருந்தால் போகிற வழியிலேயே உப்பிவிடும், அங்கே மறுபடி அளப்பார்கள். கட்டி ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் இருக்கும் அளவைப் போடுங்கள்.

ராயபுரம்: எங்க மாமாவுக்கு வந்த போர்டு மூலை உடைஞ்சிருந்துச்சு. யாரைக் கேக்கறது?

அனுப்பியவரைக் கேளுங்கள், அது வேறு கதை. ஆனால் அளவைக் குறைக்கிறேன் என்று மூலைத் தெர்மாகோலை எடுத்தாலும் இதுதான் நடக்கும். பக்கத்துக்கு 3 செ.மீ. நான் விட்டே தீருவேன்.

வியாசர்பாடி: ஆம்னி பஸ்ல போட்டா இந்தக் கணக்கே கிடையாதே?

எனக்குத் தெரிந்து அங்கே உருப்படியைப் பார்த்து ஒரு தொகை சொல்வார்கள். ஒரே அளவுப் போர்டுக்கு இரண்டு நாளில் இரண்டு விலை கொடுத்திருக்கிறேன். அதனால் நான் எழுதுவது: ‘கட்டியபின் 94 × 94 × 10 செ.மீ., தராசில் 12 கிலோ, கூரியர் கணக்கில் 18 கிலோ. பஸ்ஸில் என்றால் பார்சல் ஆபீஸ் வரை மட்டும்.’ அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ செலவு யாருடையது என்று இன்னும் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். அதற்கு எனக்கும் வழி தெரியவில்லை, போனில்தான் பேசி முடிக்கிறேன்.