மூன்று மணி நேரம் கழித்துத் தெரிந்த மங்கல் கோடு

"காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு கோவிட் கிட் போட்டேன், சி கோடு மட்டும்தான் இருந்தது. பத்து மணிக்குப் பார்த்தால் டி பக்கமும் மங்கலாக ஒரு கோடு. பாசிட்டிவா?"

அந்தக் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். கிட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும் நேரத்துக்குள், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்துக்குள், தெரிவதுதான் முடிவு. அதற்குள் இளஞ்சிவப்பாகக் கோடு வந்திருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான்.

பட்டை காயும்போது டி இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் விழுவதுண்டு. மதுரை வெயிலில், ஃபேனுக்கு அடியில் சீக்கிரமே காயும். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. இன்றே புது கிட்டில் ஒருமுறை பாருங்கள். முதலில் மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள். குச்சியின் பஞ்சு முனையை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே விட்டு, மூக்கின் உட்சுவரை உரசியபடி ஐந்து சுற்று சுற்றுங்கள். அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும். நடுவில் சும்மா சுழற்றினால் சளி ஒட்டாது, பொய் நெகட்டிவ் வரும். அப்புறம் மொபைலில் அலாரம் வையுங்கள்.

அதிலும் நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. காய்ச்சல் தொடங்கிய முதல் நாளில் வைரஸ் குறைவாக இருந்தால் கிட் பிடிக்காது.

கிட்டை பைக் பெட்டியில் வைத்திருந்தீர்களா? பெரும்பாலான கிட்டுகளுக்கு 30 டிகிரிதான் வரம்பு. வெயிலில் பெட்டிக்குள் அதைவிடச் சூடாகியிருந்தால், சி கோடு வந்தாலும் அந்தக் கிட்டை நம்ப வேண்டாம்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் கிட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.