அந்த ஒரு அணா எங்கே?

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். நான் எழுதிவரும் மாவட்ட வரலாற்றில் 1876-78 தாது வருஷப் பஞ்சம் பற்றிய அத்தியாயம் நாற்பது பக்கம். அதைச் சுவரில் மாட்ட ஒரே பக்கமாகக் கேட்கிறார்கள். மூன்று வாரம் வெட்டி நான்கு பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது. பருவமழை, விலையேற்றம், ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைகள், பஞ்சக் கும்மி, சாவுக் கணக்கு, பஞ்சக் கமிஷன் என்று ஏழு பகுதிகள். எதை வெட்டுவது? கும்மியை வெட்ட மனசே வரவில்லை. எழுத்தைச் சின்னதாக்கி அச்சடிக்கலாமா? நாற்பதையும் நான்கையும் இணைத்திருக்கிறேன்.

க., சேலம்

அன்புள்ள க.,

எழுத்தைச் சின்னதாக்கக் கூடாது. சுவருக்கு முன்னால் நின்று படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள். கும்மியைத் தாராளமாக வெட்டலாம். அது பாட்டு. கண்காட்சியன்று பாடத் தெரிந்த ஒரு அம்மாவைக் கூட்டிவந்து பாடச் சொல்லுங்கள். காகிதத்தில் இரண்டு அடியை ஒட்டி அதைக் கொல்லாதீர்கள்.

இனி உங்கள் நான்கு பக்கத்துக்கு வருகிறேன். நன்றாக எழுதுகிறவர் நீங்கள், நாற்பது பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் இந்த நான்கு பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு பகுதிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பிழிந்திருக்கிறீர்கள். பக்கத்துக்கு 250 சொல் என்று வையுங்கள். நாற்பது பக்கம் பத்தாயிரம் சொல். அது 250 ஆக வேண்டுமென்றால் பழைய பக்கம் ஒன்றுக்குக் கிடைப்பது ஆறு சொல். பருவமழைக்கு நீங்கள் கொடுத்தது ஆறு பக்கம், ஆகவே 37 சொல். பஞ்சக் கமிஷனுக்கு நான்கு பக்கம், ஆகவே 25 சொல். இப்படிப் பங்கு போட்டால் ஏழு தலைப்பும் அவற்றுக்குக் கீழே ஆளுக்கு மூன்று வாக்கியமும்தான் மிஞ்சும். அது பொருளடக்கம். பொருளடக்கத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

வெட்டுவது என்றால் ஆறு பகுதிகளைத் தூக்கிப் போடுவது. ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதில் அந்த ஒன்றைப் புரிந்துகொள்ளத் தேவையானதை மட்டும் அரை வாக்கியமாகக் கடன் வாங்குவது. எந்த ஒன்று என்பதை நான் சொல்லிவிடுவேன், உங்கள் 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அந்த அஞ்சலட்டை.

1980-களில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலம். கட்டுரை இரண்டு வரி நீண்டால் கம்பாசிட்டர் யாரையும் கேட்க மாட்டார், கடைசி இரண்டு வரியை உருவிப் போட்டுவிட்டு சட்டத்தை முடுக்கிவிடுவார். அதனால் அங்கே எல்லோரும் முக்கியமானதை முதலிலேயே எழுதப் பழகியிருந்தோம். ஒருநாள் இதே தாது வருஷப் பஞ்சம் பற்றி ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரை என் மேஜைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் முடிக்க வேண்டும், மத்தியானத்துக்குள். முடித்தேன். கடைசியில் இரண்டு சொல் அதிகமாக இருந்தது. "ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலி" என்றிருந்ததில் அணாவை எடுத்துவிட்டு, "ஒரு பவுண்டு தானியமே கூலி" என்று திருத்தினேன். எவ்வளவு விறைப்பாக நிற்கிறது பார்த்தீர்களா! எனக்கே என்மேல் பெருமை. அடுத்த வாரம் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை. வணக்கம் இல்லை, கையெழுத்துக்கு மேலே ஒரே வரி: "அந்த ஒரு அணா எங்கே?"

நாற்பது வருஷமாக அந்த அட்டையை வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்கூட வேறெதற்கோ அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சுருக்கும்போது கை முதலில் எதன்மேல் போகிறது என்று கவனியுங்கள். பெரிய பத்திகள்மேல் போகாது, அவை பாசத்துக்குரியவை. சின்னச் சொற்கள்மேல்தான் போகும். "சில மாவட்டங்களில்", "முதல் சில மாதங்கள்", "ஆண்களுக்கு", "அணாவும்". அவற்றை எடுத்தால் வாக்கியம் துடிப்பாகிவிடும், கூடவே பொய்யாகவும் ஆகிவிடும். உங்கள் நான்கு பக்கத்தில் அது நடந்திருக்கிறது. "சென்னை மாகாணத்தில் 55 லட்சம் பேர் மடிந்தனர்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாற்பது பக்கத்தில் அதே எண்ணோடு மைசூர், பம்பாய், ஐதராபாத் எல்லாம் இருந்தனவே! மூன்று ஊர்ப் பெயரை வெட்டினீர்கள், அத்தனை சாவையும் கொண்டுவந்து சென்னை மாகாணத்தின் தலையில் கொட்டிவிட்டீர்கள். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டைக்கு நீங்கள் ஐந்து பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், அது நாற்பது பக்கத்தில் நியாயம். ஒரு பக்கத்தில் "ஐம்பது லட்சத்துக்கு மேல்" என்று இடப்பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். எடுத்தால் முழு வாக்கியத்தையும் எடுங்கள். வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதன் நிபந்தனையை எடுக்காதீர்கள்.

சரி, 14-ஆம் பக்கம். அங்கே அந்த ஒரு பவுண்டு இருக்கிறது. உங்கள் பக்கம் முழுக்க அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் என்கிறேன். மற்ற பகுதிகளில் ஒவ்வொன்றையும் கையால் மறைத்துப் பார்த்தேன். கமிஷனை மறைத்தால் பவுண்டு நிற்கிறது, விலையேற்றத்தை மறைத்தால் நிற்கிறது. பவுண்டை மறைத்தால் கமிஷன் எதற்கு வந்தது என்று தெரியவில்லை, டெம்பிள் யார் என்றும் தெரியவில்லை. 1873-74-ல் பீகார் பஞ்சத்தில் இதே டெம்பிள்தான் பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்து ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்ற பெயர். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அவரைச் சென்னைக்கு அனுப்பியபோது, இனி அந்தப் பெயர் வரக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா, பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு என்று கூலியை இறக்கினார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் ஒரு மருத்துவர். இது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சண்டை போட்டார். அதே 1877-ல் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்து ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் என்று ஆக்கியது. பீகார், லிட்டன், கணக்குப்பிள்ளைத்தனம், மருத்துவரின் எதிர்ப்பு, தாமதமான திருத்தம் எல்லாம் அந்தப் பவுண்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்தேன். சமையலறைக்குப் போய் 450 கிராம் அரிசியை நிறுத்து ஒரு தட்டில் கொட்டிப் பார்த்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்குத் தாராளமாச்சே, எதுக்கு நிறுக்கறீங்க?" என்றாள். தட்டில் குவியலாகத்தான் இருந்தது. உங்கள் கண்காட்சிக்கு வருபவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள்: தட்டு நிறையத் தெரிகிறதே, வெள்ளைக்காரன் அவ்வளவு மோசமில்லையே என்று. நம் தட்டில் சாம்பார், எண்ணெய், தயிர் எல்லாம் கூட வருகின்றன, நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஏறக்குறைய அந்தத் தானியம்தான் சாப்பாடு. அதில் கிடைப்பது சுமார் 1,600 கலோரி. வெயிலில் நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். அந்த ஓர் அணாவில்தான் உப்பு, விறகு, மிச்சமெல்லாம், அதுவும் பஞ்ச விலையில்.

ஆகவே "நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு" என்பதை வெட்டக்கூடாது. அதை எடுத்தால் பவுண்டு ஒரு தாராளமான எண்ணாக மாறி டெம்பிளின் பக்கம் போய் நின்றுகொள்ளும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், உங்களுக்கு அலுக்கலாம்.

இன்னும் பிடிபடவில்லை என்றால் தொடக்கத்தை நானே எழுதித் தருகிறேன், உங்கள் மொழியில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் 1877-78-ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அதற்கு முந்திய வருஷம் பருவமழை பொய்த்திருந்தது. இப்படிப்பட்ட வேலைகளில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு 1877-ன் தொடக்கத்தில் அரசு நிர்ணயித்த கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். இந்தத் தட்டில் இருப்பது ஒரு பவுண்டு."

பருவமழைக்கு ஆறு பக்கம் கொடுத்திருந்தீர்களே, இங்கே ஒரு வாக்கியம். வலிக்கும்தான். பசிபிக் பெருங்கடல் சூடானது பற்றி நீங்கள் எழுதியிருப்பது அருமை, அது புத்தகத்தில் இருக்கட்டும். சேலத்துக்காரராக இருந்துகொண்டு ஏன் சென்னைக் கால்வாயில் தொடங்குவது என்று கேட்பீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே அந்தக் கூலிக்கு வெட்டிய ஏரிக்கரையோ ரோடோ உங்கள் ஆவணங்களில் இருந்தால் கால்வாயைத் தூக்கிவிட்டு அதைப் போடுங்கள். இன்றும் கண்ணால் பார்க்கிற இடமாக இருந்தால் போதும். தட்டை நிஜமாகவே வைக்கச் சொல்லுங்கள், நூலகத்தில் எலி இல்லையென்றால்.

இன்னொன்று. இந்தப் பக்கத்தை நாற்பது பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். பூட்டிவைத்துவிட்டு எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு திறந்து, எண்களையும் ஊர்ப் பெயர்களையும் மட்டும் ஒத்துப் பாருங்கள். வேறெதையும் பார்க்காதீர்கள், பார்த்தால் கும்மி உள்ளே வந்துவிடும்.

முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். அணா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.