போட்டோவில் மஞ்சள், வயலில் பச்சை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நட்டு 35 நாளான நெல். இலை மஞ்சளடித்துப் போனதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். யூரியா போடலாமா, இல்லை துங்ரோ நோயா? (மன்னார்குடி வாசகர்)

உங்கள் படத்தில் இலையைவிட எனக்கு உதவியது வரப்போரம் கிடந்த உரச்சாக்கு. சாக்கு வெள்ளை, ஆனால் படத்தில் அதுவும் மஞ்சள். சாயங்காலம் ஆறு மணி வெயிலில் எடுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்து ஒளியில் நீலம் குறைந்து சிவப்பு மிகுந்திருக்கும். போன் அதைக் கொஞ்சம்தான் சரிசெய்யும், அந்திவெயில் அழகாகத் தெரியட்டும் என்று மீதியை விட்டுவிடும்.

கணக்காகவே பார்த்தேன். ஒரு படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொருளுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் சாக்குக்கு 230, 200, 150. இலைக்கு 170, 165, 60. இலையில் சிவப்பு பச்சையைத் தாண்டியிருக்கிறது, கண்ணுக்கு மஞ்சளாகத்தான் படும். சாக்கின் எண்கள் மூன்றும் 200 ஆகும்படி அதே விகிதத்தில் இலையையும் திருத்தினால் 148, 165, 80 வருகிறது. பச்சைதான் மேலே நிற்கிறது. இது தோராயக் கணக்குதான், ஆனால் மஞ்சளில் பெரும்பங்கு வெயிலுடையது என்று காட்டப் போதும்.

அதனால்தான் படம் வந்ததும், எண்ணிட்ட பச்சைப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் பதில் எழுதச் சொன்னேன். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், உங்கள் உடம்பு நிழல் இலைமேல் விழும்படி நின்று, நன்கு விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். பத்து இலை பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது எல்லை. பத்தில் ஆறேழு இலை அதற்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து தேவை. உங்கள் பதிலில் இரண்டு இலைதான் கீழே என்றிருந்தது, அதனால் யூரியா இப்போது வேண்டாம். தேவையில்லாமல் போட்டால் குலைநோய்க்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் வழிவிடுவதாகும்.

துங்ரோவை நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பயிர் குட்டையாகி, மஞ்சள் நுனியிலிருந்து இறங்கி, வயலில் பச்சைத் தத்துப்பூச்சியும் இருந்தால் சந்தேகப்படலாம். அடி இலைகள் மட்டும் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. எந்த இலையில், எப்படிப் பரவுகிறது என்பதை எந்த வெயிலும் மாற்றிக் காட்டாது.

தக்காளிக் கூடையை அருகில் வைத்து எடுத்தால் பழம் வெளிறி, ஆரஞ்சாகத் தெரிகிறது. வாங்குபவர் “இன்னும் பழுக்கவில்லை” என்கிறார். (ஒட்டன்சத்திரம் வாசகி)

படம் முழுக்கத் தக்காளியாக இருப்பதுதான் கோளாறு. போனின் தானியங்கி வெள்ளைச் சமநிலை, ஒரு காட்சியின் நிறங்கள் எல்லாம் சேர்ந்தால் சாம்பல்தான் வரும் என்ற அனுமானத்தில் வேலை செய்வது. எங்கும் சிவப்பாக இருந்தால், ஒளிதான் சிவப்பு என்று எண்ணி அதைக் குறைத்துவிடும். படம் முழுக்கப் பச்சை இலையாக இருந்தால் இதே கதை தலைகீழாகும், பச்சை மங்கும்.

இரண்டடி பின்னே வாருங்கள். கூடையோரம் வெள்ளைத் தாள் ஒன்றை, தக்காளி மேல் படும் அதே ஒளி படும்படி வையுங்கள். வெயில் நேரே அடிக்கும் இடத்தில் தாள் முழுக்க வெளுத்து, மூன்று எண்களும் உச்ச அளவான 255-இல் முட்டி நின்றால் அது அளவுகோலாகாது. திறந்த நிழலில் எடுப்பதே நல்லது. கேமராவில் Pro வசதி இருந்தால், WB எனும் வெள்ளைச் சமநிலையை நிழலுக்கு உரிய நிலையில் வைத்து, எல்லாக் கூடைகளையும் அதே நிலையில் எடுங்கள். அப்போது ஒன்றுக்கொன்று ஒப்பிடவாவது முடியும்.

மிளகாய் இலையில் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள். போட்டோவில் காணோம்! (தூத்துக்குடி வாசகர்)

படத்தை ‘அழகாக்கும்’ வசதி இலையைக் கண்டால் பச்சையை ஏற்றிவிடும், வெளிறல் அதில் மறையும். மங்கிய வெளிச்சத்தில் போன் புள்ளிகளை ‘இரைச்சல்’ எனும் பொய்ப்புள்ளிகள் என்று நினைத்து வழித்துவிடும். இலைப்பேன், சிலந்திப்பேன் தடயங்கள் போவது அங்கேதான். ஃபில்டரை அணைத்து, காலை வெளிச்சத்தில், இலையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் Document-ஆக அனுப்பினால் சுருக்கப்படாமல் வரும்.

கடையில் தங்கமாக இருந்த மாம்பழம் வீட்டில் பச்சை. ஏமாற்றினார்களா? (மதுரை வாசகி)

மஞ்சள் தார்ப்பாய்க்குக் கீழே எந்த மாங்காயும் பழமாகத்தான் தெரியும். பணம் கொடுக்கும் முன் ஒன்றை வெளிவெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆனால் மல்கோவா பழுத்தும் பச்சை கலந்தே இருக்கும், அதற்கு எந்த வெளிச்சமும் உதவாது. காம்படியை மோந்து பாருங்கள்.