'கு'வும் 'டு'வும்

*அன்புள்ள ஐயா,*

*நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். வேற்றுமை உருபு படிக்கும்போது, 'கு' என்றால் ஆங்கிலத்தில் 'டு' என்று நோட்டில் எழுதி வைத்தேன். அதை நம்பி எழுதிய 'ஐ டோல்ட் டு மை மதர்', 'வீ ரீச்ட் டு த ஸ்கூல்' இரண்டையும் டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். 'எனக்குக் காய்ச்சல்' என்பதில் வரும் 'கு'வை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எந்த உருபுக்கு எந்த ப்ரெபொசிஷன் என்று ஓர் அட்டவணை போட்டுத் தர முடியுமா? இன்னொன்று: வீட்டுக்கு, வீட்டிற்கு இரண்டில் எது சரி?*

*ஒரு மாணவி*

அன்புள்ள மாணவிக்கு,

அட்டவணை கேட்டிருக்கிறாய். நான் தரப்போவதில்லை. தந்தால் அதை நம்பி இன்னும் பத்து வாக்கியம் எழுதுவாய், அதில் ஏழு தப்பாகும். எட்டு வேற்றுமையையும் இழுத்துப் போடாமல் 'கு' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது பிடிபட்டால் மற்ற உருபுகளை எப்படிப் பார்ப்பது என்பது உனக்கே தெரிந்துவிடும்.

மேலே 'மாணவிக்கு' என்று எழுதினேன். இதே கடிதம் ஆங்கிலத்தில் என்றால் 'டியர் ஸ்டூடன்ட்' என்றுதான் தொடங்கும். 'கு' இருக்கிறது, 'டு' இல்லை. முதல் வரியிலேயே கணக்கு உதைக்கிறது, பார்.

ஆங்கில 'டு'வின் அடிப்படை ஒரு திசை. ஒன்று இங்கிருந்து கிளம்பி அங்கே போகிறது. போய்ச் சேரும் புள்ளியை 'டு' காட்டுகிறது. தமிழ்க் 'கு' அப்படிப்பட்டதல்ல. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, தகவு, முறை என்று பல பொருள்களை அடுக்கிவிட்டு, எல்லாவற்றையும் 'இதற்கு இது' என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிறது. இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பொருளை இன்னொரு பொருளோடு 'இதற்கு இது' என்று பொருத்திக் காட்டுவதுதான் 'கு'வின் வேலை. அங்கே பயணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

'பள்ளிக்குப் போனேன்' என்பதில் பயணம் இருக்கிறது. அதனால் 'கு'வும் 'டு'வும் கைகோத்து நிற்கின்றன. 'பாம்புக்குப் பகை கீரி' என்பதில் யாரும் எங்கும் போகவில்லை; ஆங்கிலம் 'ஆஃப்' போடும். 'வளையலுக்குப் பொன் வாங்கினார்', 'கூலிக்கு வேலை செய்தார்', 'பத்து ரூபாய்க்குக் கடலை வாங்கினேன்' மூன்றுக்கும் 'ஃபார்'. 'எட்டு மணிக்கு வந்தான்' என்றால் 'அட்'. 'தமிழ்நாட்டுக்குக் கிழக்கே வங்கக் கடல்' என்றால் மறுபடியும் 'ஆஃப்'. தமிழுக்கு இவை எல்லாமே 'இதற்கு இது'தான். ஆங்கிலமோ ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறது.

சரி, டீச்சர் அடித்த இரண்டு வாக்கியங்களுக்கு வருவோம். அவற்றில் தப்பு நேர்ந்தது பெயர்ச்சொல்லால் அல்ல, வினைச்சொல்லால். தன்னோடு எந்த உருபு வரவேண்டும் என்பதை வினைதான் முடிவு செய்கிறது. தமிழிலேயே சோதித்துப் பார். 'பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்கிறோம், 'பள்ளியை அடைந்தோம்' என்கிறோம். நடந்தது ஒரே காரியம். ஆனால் 'போய்ச் சேர்' என்ற வினை 'கு' கேட்கிறது, 'அடை' என்ற வினை 'ஐ' கேட்கிறது. 'பள்ளிக்கு அடைந்தோம்' என்று நீ ஒருநாளும் எழுதமாட்டாய், காது ஒப்பாது.

ஆங்கில வினைகளும் இதே போலத்தான். 'ரீச்' நம் 'அடை' மாதிரி: நடுவில் எதையும் விடாமல் இடத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும். அதனால் 'வீ ரீச்ட் த ஸ்கூல்'. அதே பொருளுக்கு 'கெட்' போட்டால் 'வீ காட் டு த ஸ்கூல்', 'அரைவ்' போட்டால் 'வீ அரைவ்ட் அட் த ஸ்கூல்'. 'டெல்', 'சே' இரண்டும் நமக்குச் 'சொல்'தான். ஆனால் 'டெல்' ஆளை நேராகப் பிடிக்கும்: 'ஐ டோல்ட் மை மதர்'. 'சே'வுக்கு 'டு' வேண்டும்: 'ஐ செட் டு மை மதர்'. 'ஆஸ்க்' கூட 'டெல்' பக்கம்தான். 'ஆஸ்க்ட் டு த டீச்சர்' என்பது நம் 'ஆசிரியரிடம் கேட்டேன்' செய்யும் குழப்பம். ஆகவே ப்ரெபொசிஷனைத் தனியாக மனப்பாடம் செய்யாதே. வினையோடு சேர்த்து ஒரே துண்டாக நோட்டில் எழுது: 'சே டு', 'அரைவ் அட்', 'ரீச்' (பக்கத்தில் ஒன்றும் இல்லை).

அடுத்து 'எனக்குக் காய்ச்சல்'. இதில்தான் இரண்டு மொழியும் உண்மையாகவே பிரிகின்றன. பசி, தாகம், காய்ச்சல், பயம், தெரிதல், பிடித்தல் போன்றவற்றை நாம் செய்வதில்லை, அவை நமக்கு வருகின்றன என்பது தமிழின் பார்வை. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்'. 'இதற்கு இது' இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலத்திலோ சாதாரண வாக்கியத்தில் வினைக்கு முன்னால் ஓர் எழுவாய் நின்றே ஆகவேண்டும். அந்த இடத்துக்கு அனுபவிக்கிற ஆளையே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது: 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ ஹேவ் எ ஃபீவர்'. உன் 'கு' காணாமல் போகவில்லை. 'எனக்கு' முழுவதுமாக 'ஐ' ஆகிவிட்டது. அதனால் இங்கே ப்ரெபொசிஷனைத் தேடவே கூடாது.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுமார் 1100 வரை பேசப்பட்ட பழைய ஆங்கிலம், பெயரின் ஈற்றை மாற்றி வேற்றுமை காட்டிய மொழி. அதில் நம் நான்காம் வேற்றுமைக்கு நெருக்கமான ஒரு வடிவமும் உண்டு. 'எனக்குத் தோன்றுகிறது' என்பதை 'எனக்கு' என்ற வடிவத்தை வைத்தேதான் சொன்னார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல் அதன் மிச்சம். அந்த 'மீ'க்குப் பொருள் 'எனக்கு'. பிறகு ஈறுகள் தேய்ந்து போயின. அந்த வேலையைச் சொல் நிற்கும் வரிசையும் ப்ரெபொசிஷன்களும் எடுத்துக்கொண்டன. நமக்கு உருபு தேயவில்லை. அதனால்தான் 'பூனை எலியைத் துரத்தியது', 'எலியைப் பூனை துரத்தியது' என்று எப்படி மாற்றி வைத்தாலும் ஓடுவது எலிதான். ஆங்கிலத்தில் அந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் பூனை ஓடும்.

இனி மறுபக்கம். 'டு' வந்த இடத்திலெல்லாம் 'கு' போடலாமா? 'ஐ வென்ட் டு த டாக்டர்' என்பதை 'டாக்டருக்குப் போனேன்' என்று சொல்வாயா? மாட்டாய். 'டாக்டரிடம் போனேன்' என்பாய். போகிற இடம் ஊர், கடை, பள்ளி என்றால் 'கு'. ஆள் என்றால் 'இடம்'. ஆங்கிலம் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. 'அரசிடம் மனு கொடுத்தார்கள்' என்கிறோமே என்று கேட்கலாம். அங்கே அரசை ஓர் ஆளாகவே பாவித்துப் பேசுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: 'இந்தப் பணத்தை அக்காவுக்குக் கொடு', 'இந்தப் பணத்தை அக்காவிடம் கொடு'. முதலாவதில் பணம் அக்காவுடையது ஆகிறது. இரண்டாவதில் அக்கா கையில் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். யாருக்கு என்பது அப்புறம். ஆங்கிலத்தில் இரண்டும் 'கிவ் டு'. 'அக்காவிடம் கொடு, அம்மாவுக்கு' என்று நாம் இரண்டு உருபில் முடிப்பதை அவர்கள் 'கிவ் இட் டு யுவர் சிஸ்டர், இட்ஸ் ஃபார் மதர்' என்று இரண்டு வாக்கியமாக்குவது உண்டு. 'ஹேவ்' என்ற சொல்லும் இப்படித்தான். 'எனக்கு இரண்டு தங்கைகள்', 'என்னிடம் இரண்டு பேனா இருக்கிறது'. ஆங்கிலத்தில் இரண்டும் 'ஐ ஹேவ்'. 'என்னிடம் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்' என்று எழுதினால், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பிள்ளைகள் போல ஆகிவிடும்.

ஒரு பத்தியை எடுத்துச் செய்து பார்ப்போம்:

'நேற்று எனக்குக் காய்ச்சல். ஒன்பது மணிக்கு அப்பா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். நூறு ரூபாய்க்கு மருந்து வாங்கினோம். அம்மா பள்ளிக்கு விடுப்புக் கடிதம் அனுப்பினார்.'

'கு' நான்கு முறை வருகிறது. முதலாவது அனுபவம், 'எனக்கு' எழுவாயாகிவிடும், 'ஐ ஹேட் எ ஃபீவர்'. இரண்டாவது கடிகார நேரம், 'அட் நைன்'. மூன்றாவது விலை, 'ஃபார் எ ஹண்ட்ரட் ருபீஸ்'. நான்காவதில் கடிதம் உண்மையாகவே பள்ளிக்குப் பயணம் போகிறது, எனவே 'டு த ஸ்கூல்'. இதற்கு நடுவில் இன்னொரு 'டு' இருக்கிறது: 'டுக் மீ டு த டாக்டர்'. அது 'கு'விலிருந்து வரவில்லை, 'இடம்' என்பதிலிருந்து வந்தது. நான்கு 'கு'வில் ஒன்றுதான் 'டு' ஆனது, இரண்டு 'டு'வில் ஒன்றுதான் 'கு'விலிருந்து வந்தது. வரிக்கு வரி இப்படிக் கேட்டுக்கொண்டே போ: இங்கே எது எதற்கு, ஆங்கிலத்தில் போடப்போகிற வினை என்ன கேட்கிறது?

தமிழ் எழுதும்போதும் ஒன்றைக் கவனி. ஆங்கிலத்தில் ஒரே 'டு' இரண்டு பெயரைச் சுமக்கும்: 'டு மை சிஸ்டர் அண்ட் பிரதர்'. தமிழில் உருபு பெயரோடு ஒட்டியது, அதனால் ஒவ்வொரு பெயருக்கும் தனியாக வேண்டும்: 'அக்காவுக்கும் தம்பிக்கும்'. 'அக்கா மற்றும் தம்பிக்கு' என்று இப்போது செய்தித்தாளில்கூட வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அக்காவை உருபில்லாமல் தனியே நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டுக்கு, வீட்டிற்கு இரண்டும் சரி. உருபு ஏற்கும்போது 'வீடு' என்பது 'வீட்டு' ஆகிறது. அதோடு 'கு' சேர்ந்தால் 'வீட்டுக்கு'. நடுவில் 'இன்' என்ற சாரியை வந்தால், வீட்டு + இன் + கு; அந்த 'ன்' 'ற்' ஆக மாறி 'வீட்டிற்கு'. பொருளில் வித்தியாசம் இல்லை. பேச்சுக்கு நெருக்கமானது முதலாவது. ஆனால் ஒரே கட்டுரையில் ஒரு வரியில் வீட்டுக்கு, அடுத்த வரியில் வீட்டிற்கு என்று மாற்றி மாற்றி எழுதாதே.