களப்பணிக்கான பயண பட்ஜெட்: தினப்படி, தங்குமிடம், ஜீப் வாடகை

"சார், நான் சென்னையில் மத்திய அரசு நிதியில் நடக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்கிறேன். ஜவ்வாது மலை கிராமங்களில் ஒன்பது நாள் களப்பணி இருக்கிறது. தினப்படி, லாட்ஜ், உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் வரம்பு இருக்கிறது என்கிறார்கள். பட்ஜெட்டை எப்படிப் போடுவது? போன முறை கேட்டதில் பாதி வெட்டுப்பட்டுவிட்டது."

முதலில் உங்கள் திட்டத்தின் அனுமதி ஆணையை எடுத்துப் பாருங்கள், பயணப்படிக்கு உங்களை எந்தப் பே லெவலுக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள் என்று. அதில் இல்லையென்றால் நிறுவனத்தின் நிதிப்பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் தெரியாமல் போடுகிற எந்தக் கணக்கும் பிறகு மாறிவிடும். 6 முதல் 8 வரையிலான லெவல் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசு விதிப்படி இவர்களுக்கு ஒரு நாளைக்குத் தங்குமிடம் 750 ரூபாய் வரை, ஊருக்குள் போக்குவரத்து 225 ரூபாய் வரை, சாப்பாட்டுக்கு 800 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம் கூடும்போதெல்லாம் இந்தத் தொகைகள் 25 சதவீதம் உயரும் என்று அதே உத்தரவு சொல்கிறது, 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டும்விட்டது. உங்கள் நிறுவனம் பழைய தொகையில் கொடுக்கிறதா, கூட்டிய தொகையிலா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நான் பழைய தொகையிலேயே கணக்குப் போடுகிறேன், முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்த மூன்றும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் பலருக்குப் புரியாத இடம். சாப்பாட்டுத் தொகை மொத்தமாகக் கிடைப்பது, பில் வேண்டாம், 300 ரூபாய்க்குச் சாப்பிட்டாலும் 800தான். தங்குமிடமும் போக்குவரத்தும் அப்படியல்ல, நீங்கள் உண்மையில் செலவழித்ததைத்தான் தருவார்கள், அதுவும் அந்த வரம்பு வரைதான். 500 ரூபாய் அறையில் தங்கிவிட்டு 750 எழுத முடியாது.

சாப்பாட்டுத் தொகையிலும் ஒரு சிக்கல் உண்டு. அது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள் என்று எண்ணப்படும். அந்த நாளில் தலைமையிடத்தை விட்டு 6 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் 30 சதவீதம், 6 முதல் 12 மணி வரை 70 சதவீதம், அதற்கு மேல் முழுத்தொகை. நீங்கள் ஞாயிறு இரவு 11 மணிக்குச் சென்னையில் பஸ் ஏறி, திங்கள் விடியலில் போளூர் இறங்கி, அங்கிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுகிறீர்கள் என்று வைப்போம். அடுத்த வாரம் செவ்வாய் வரை வேலை, அன்று இரவு கிளம்பிப் புதன் காலை 4.30க்குச் சென்னை. காலண்டரில் இது 11 நாள், ஆனால் ஞாயிறு ஒரு மணி நேரம்தான், புதன் நாலரை மணி நேரம்தான், இரண்டுக்கும் தலா 240 ரூபாய். நடுவில் உள்ள 9 முழு நாளுக்கு 7,200. மொத்தம் 7,680. பெரும்பாலானோர் 11ஐ 800ஆல் பெருக்கி 8,800 என்று எழுதுவார்கள், 1,120 ரூபாய் வெட்டுப்படும், அந்தப் பணம் அட்வான்ஸில் ஏற்கெனவே செலவாகியிருந்தால் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அடுத்து லாட்ஜ். நம் ஊர் லாட்ஜ்களில் பல 24 மணி நேரக் கணக்கு. திங்கள் காலை 7 மணிக்கு அறை எடுத்து, அடுத்த வாரம் செவ்வாய் மாலை வரை பையை அறையில் வைத்திருந்தால், தூங்கியது 8 இரவுதான் ஆனாலும் 9 நாள் வாடகை கேட்பார்கள். செவ்வாய் காலை 7 மணிக்குள் காலி செய்துவிட்டு பையை வேறெங்காவது வைப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் 700 ரூபாய் வீதம் 8 நாளுக்கு 5,600 என்று பட்ஜெட்டில் வைக்கலாம். லாட்ஜ் கிடைக்காமல் கிராமத்தில் ஒருவர் வீட்டில் தங்கினாலும் கவலை வேண்டாம். லெவல் 8 வரை உள்ளவர்கள் வரம்புக்குள் கேட்கும் தங்குமிடச் செலவுக்கு வவுச்சர் கட்டாயம் இல்லை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த இடத்தில் தங்கினேன் என்று நீங்களே சான்றளித்தால் போதும். ஆனாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வெள்ளைத்தாளில் பெயர், தேதிகள், தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், திட்டக் கணக்கைத் தணிக்கை செய்பவர் இரண்டு வருடம் கழித்துத்தான் கேட்பார். தொகை 5,000க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இப்போது போன முறை உங்களுக்கு வெட்டுப்பட்ட இடம் எது என்று நான் நினைக்கிறேனோ அதற்கு வருகிறேன். அந்த 225 ரூபாய், போன ஊருக்குள் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றுகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. மலையில் ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே காடு கிடக்கிறது, பஸ் நேரத்துக்கும் நீங்கள் ஆட்களைச் சந்திக்கும் நேரத்துக்கும் ஒத்துவராது, அவர்களைக் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மாலையில். ஜீப்தான் வழி. அதை "உள்ளூர்ப் போக்குவரத்து" என்ற வரியில் எழுதினால் நாளொன்றுக்கு 225 விட்டு மீதியை அடித்துவிடுவார்கள். நான் கணக்குப் பார்த்த ஒரு திட்டத்தில் ஒரு பெண் 5 நாள் ஜீப் வாடகை 11,000 ரூபாயை அந்த வரியில் எழுதி 1,125 மட்டும் வாங்கினார், இத்தனைக்கும் அதே திட்டத்தில் களப்பணிச் செலவுத் தலைப்பில் பணம் மிச்சம் கிடந்தது, பிறகு அதை மாற்றவே முடியவில்லை.

ஆகவே ஜீப்பைத் தினப்படியோடு சேர்க்காமல், களப்பணித் தலைப்பின்கீழ் "கிராமங்களுக்கிடையே வாகன வாடகை" என்று தனி வரியாகப் போடுங்கள். எந்தெந்தக் கிராமம், எந்த நாள், பஸ் ஏன் உதவாது என்று நாலு வரி எழுதி, இரண்டு வாகனக்காரர்களிடம் டிரைவர் பேட்டாவும் டீசலும் சேர்த்த தின வாடகையைக் கேட்டு இணைத்து, கிளம்புமுன் திட்டத் தலைவரின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். திரும்பி வந்தபின் வாங்கும் ஒப்புதலை நிதிப்பிரிவு லேசில் ஏற்காது. 9 நாளும் ஜீப் தேவைப்படாது. தூரத்துக் கிராமங்களை 5 நாளில் அடுக்கி, நாளுக்கு 2,500 என்றால் 12,500. மற்ற 4 நாளுக்கு மட்டும் 225 வீதம் 900. ஜீப் எடுத்த நாளில் 225ஐயும் கேட்டால் இரட்டைக் கோரிக்கை ஆகிவிடும், அதைத் தணிக்கையில் முதலில் பார்ப்பார்கள்.

ஜீப்புக்குத் தினமும் ஒரு தாள்: தேதி, வண்டி எண், கிளம்பிய இடம், போன இடம், தொடக்க கிலோமீட்டர், முடிவு கிலோமீட்டர், டிரைவர் கையெழுத்து. அதே தேதியில் உங்கள் களக்குறிப்பிலும் அதே கிராமம் இருக்க வேண்டும். மாலையிலேயே எழுதிவிடுங்கள். கடைசி நாளில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் தேதி ஒன்று பிசகும், அந்த ஒன்றால் முழு பில்லும் நிற்கும்.

போக வர பஸ் கட்டணம் 900 என்று வைத்தால் மொத்தம் 27,580. மழை பெய்து ஒரு நாள் வீணாகும், அதற்காக "இதர செலவு" என்று ஒரு தொகை போட்டால் பெரும்பாலும் அடித்துவிடுவார்கள். பயணத் திட்டத்திலேயே ஒரு நாளைக் கூடுதலாகக் காட்டி, சாப்பாடு 800, அறை 700 என்று 1,500 சேர்த்து 29,080 கேளுங்கள். அந்த நாள் தேவைப்படாவிட்டால் பணம் திரும்பிவிடும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மொழிபெயர்க்கவோ வழிகாட்டவோ உள்ளூர் ஆள் வைத்தால் அவர் சம்பளத்தை இதில் சேர்க்காதீர்கள், அது பயணச் செலவு இல்லை, தனித் தலைப்பு.

அப்புறம், அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திரும்பிய 15 நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும், வாங்காவிட்டால் பில் கொடுக்க 60 நாள். இது மத்திய அரசு ஊழியர்களுக்கான கெடு, உங்கள் நிறுவனம் இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம், நிதிப்பிரிவில் லெவலைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.