2025 டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம், ஆனால் ரீஃபண்ட் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்

கேள்வி: 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்னை 2025 செப்டம்பருக்குள் போட முடியவில்லை. சம்பளம் மட்டும்தான் வருமானம். கம்பெனி ஓல்டு ரெஜிமில் டிடிஎஸ் பிடித்திருக்கிறது. இனிமேல் போட முடியுமா? ரீஃபண்டில் 10% கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

போடலாம். 2025 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு 2025இல் ஜூலை 31 என்ற தேதியை முதலில் செப்டம்பர் 15 ஆக்கினார்கள், பிறகு 16 ஆக்கினார்கள். அதையும் தவறவிட்டவர்கள் 139(4) பிரிவில் தாமத ரிட்டர்ன் போட வேண்டும். ரிட்டர்ன் படிவத்தில் எந்தப் பிரிவு என்று கேட்கும் இடத்தில் 139(1)க்குப் பதில் 139(4) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் தாமதக் கட்டணம் உண்டு: மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000 ரூபாய், அதற்குள் இருந்தால் 1,000 ரூபாய்.

கட்டணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உங்களைப் போல ஓல்டு ரெஜிமில் டிடிஎஸ் பிடிக்கப்பட்டவர்களுக்குத் தெரியாத விஷயம் வேறொன்று. தொழில் வருமானம் இல்லாத ஒருவர் ஓல்டு ரெஜிம் வேண்டுமென்றால், அதைக் கெடு தேதிக்குள் போடும் ரிட்டர்னில்தான் தேர்வு செய்ய முடியும். கெடு போய்விட்டால் அந்த உரிமையும் போய்விடும். கம்பெனியிடம் ஏப்ரலில் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் சரி, ஃபார்ம் 16இல் என்ன இருந்தாலும் சரி, தாமத ரிட்டர்ன் நியூ ரெஜிமில்தான் கணக்கிடப்படும். வீட்டு வாடகைக் கழிவு, 80சி, குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டி எதுவும் அதில் வராது.

ஒரு உதாரணக் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். கம்பெனியில் வாடகைக் கழிவு 1,80,000, 80சி 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000 காட்டியிருக்கிறார். நிலையான கழிவு 50,000 சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 6,20,000. செஸ்ஸோடு வரி 37,960 ரூபாய், கம்பெனி அதைச் சரியாகப் பிடித்துக் கட்டிவிட்டது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 25,000 ரூபாயின் ரசீதைக் கம்பெனியில் கொடுக்காமல் விட்டதால், ரிட்டர்னில் அதைக் காட்டினால் 5,200 ரூபாய் திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். செப்டம்பர் 16க்குள் போட்டிருந்தால் அந்தக் கணக்கு சரி.

இப்போது போட்டால்? நியூ ரெஜிமில் நிலையான கழிவு 75,000 மட்டும். வரிக்குரிய வருமானம் 11,25,000. அந்த ஆண்டின் ஸ்லாப்படி செஸ்ஸோடு வரி 71,500. பிடித்த 37,960 போக, இன்னும் 33,540 ரூபாய் கட்ட வேண்டும். அதற்கு மேல் 5,000 தாமதக் கட்டணம். அப்புறம் வட்டி: தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் (மாதத்தில் ஒரு நாள் வந்தாலும் முழு மாதம்தான்), முன்கூட்டி வரி கட்டாததற்கு ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீதம், தவணை தவறியதற்குத் தனியாகக் கொஞ்சம். நவம்பர் கடைசி வாரத்தில் போட்டால் வட்டி மட்டும் ஐயாயிரத்தைத் தாண்டும். மொத்தம் ஏறக்குறைய 44,000 ரூபாய் கையிலிருந்து போகும். 5,200 வரும் என்று இருந்தவருக்கு இது பெரிய அடி. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பணத்தைத் தயார் செய்யவாவது அவகாசம் இருக்கும். டிசம்பர் 16 தாண்டினால் இன்னொரு மாத வட்டியும் ஏறும்.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. கழிவுகள் குறைவாக இருப்பவர்களுக்கு நியூ ரெஜிமிலேயே வரி குறைந்து, பிடித்த டிடிஎஸ்ஸில் ஒரு பகுதி மீதம் வரலாம். சம்பளம் 7,75,000 வரை இருந்து வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது. அப்போதும் 5 லட்சத்தைத் தாண்டும் வருமானத்துக்கு 5,000 ரூபாய் கட்டணம் போய்த்தான் மீதி. ஆகவே உங்கள் ஃபார்ம் 16, வருமான வரித் தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகள் மூன்றையும் வைத்து, வங்கி வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் ரீஃபண்ட் உண்டா இல்லையா என்றே சொல்ல முடியும். போட்ட பிறகும் அது ஒரு கோரிக்கைதான். துறை பரிசீலித்து ஏற்ற தொகைதான் வரும். பழைய ஆண்டுக்கு வரி பாக்கி இருந்தால், உங்களுக்குத் தெரிவித்துவிட்டு அதில் கழித்துக்கொள்வார்கள். என்னிடம் வருபவர்களுக்கும் நான் தொகையையோ தேதியையோ உறுதி சொல்வதில்லை.

அதனால் அந்த 10% ஆளிடம் போகாதீர்கள். சட்டப்படி கிடைக்கக்கூடிய ரீஃபண்டின் அளவை உங்கள் கணக்குதான் முடிவு செய்கிறது, போடுகிற ஆள் அல்ல. தொகையை அவர் கூட்ட வேண்டுமென்றால் இல்லாத கழிவை எழுத வேண்டும். உங்கள் விஷயத்தில் தாமத ரிட்டர்னில் அந்தக் கழிவுகளுக்கே இடமில்லை என்பதால், அவர் எதை எழுதப்போகிறார் என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது. வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால் அபராதம் அந்த வரியில் 200 சதவீதம். நோட்டீஸ் வருவது உங்கள் பான் எண்ணுக்கு, அவருக்கு அல்ல.

போடும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பாக்கி வரியை, வட்டி, கட்டணத்தோடு சேர்த்து வருமான வரித் தளத்தின் e-Pay Tax பகுதியில் Self-Assessment Tax (300) என்ற தலைப்பில் முதலில் கட்டி, அந்தச் சலான் விவரத்தை ரிட்டர்னில் ஏற்றிய பிறகே சமர்ப்பியுங்கள். கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று இருக்கிறதா பாருங்கள், 2024-25 என்பது நீங்கள் சம்பாதித்த நிதியாண்டு.

இரண்டாவது, சரிபார்ப்பு. சமர்ப்பித்தவுடன் வேலை முடிந்தது என்று விட்டுவிடுபவர்கள் நிறைய பேர். சமர்ப்பித்த 30 நாளுக்குள் சரிபார்த்தால்தான் சமர்ப்பித்த தேதி நிற்கும். அதைத் தாண்டினால் சரிபார்த்த நாள்தான் தாக்கல் தேதி. டிசம்பர் 31 அன்று போட்டுவிட்டு பிப்ரவரியில் சரிபார்த்தால், கெடுவுக்கு அப்புறம் போட்டதாகிவிடும். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபியில் இது ஒரு நிமிட வேலை. பழைய எண்ணை விட்டுவிட்டவர்கள்தான் கடைசி நாளில் தவிப்பார்கள். உங்கள் எண் எது என்று இன்றைக்கே பாருங்கள். நெட் பேங்கிங் வழியாகவும் செய்யலாம், அல்லது கையெழுத்திட்ட ஐடிஆர்-வி படிவத்தை வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்துக்கு அனுப்பலாம்.

டிசம்பர் 31க்குப் பிறகு மிஞ்சுவது புதுப்பித்த ரிட்டர்ன். அதில் கூடுதல் வரி கட்டலாம், ரீஃபண்ட் கேட்க முடியாது. உண்மையான கஷ்டத்தால் போட முடியாமல் போனவர்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி துறையிடம் மனுச் செய்யலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு.